விளையாட்டுக் கருவியில் விசைப்பலகையும் மவுஸும்

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்கள் இன்று பல வீடுகளில் உள்ளன. இவற்றுடன் வரும் கன்ட்ரோலரை இரு கைகளாலும் பிடித்து, அதன்மேல் உள்ள இரு சிறு குச்சிகளைக் கட்டைவிரல்களால் அசைத்து விளையாடுவது வழக்கம். ஆனால் கணிப்பொறியில் பழகியவர்களுக்கு விசைப்பலகையும் மவுஸும்தான் கைவந்தவை. கட்டைவிரலில் வலியோ பலவீனமோ உள்ளவர்களுக்குக் குச்சியை அசைப்பது கடினம். மவுஸை முழங்கையால் நகர்த்துவது எளிது. ஆகவே, “கன்சோலிலும் யு.எஸ்.பி. துளை இருக்கிறதே, அதில் விசைப்பலகையைச் செருகினால் போதாதா?” என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. கடைகளிலோ இதற்கென்றே அடாப்டர்கள் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கலாமா, வேண்டாமா? செருகியவுடன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இதற்கு நாமே விடை கண்டுவிடலாம்.

கதவுகள் இரண்டு

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்வோம். விசைப்பலகை, மவுஸ் ஆகியவை தரும் செய்தி விளையாட்டைச் சென்றடைய இரண்டு கதவுகளைக் கடக்க வேண்டும். முதற்கதவு கன்சோல். இரண்டாம் கதவு விளையாட்டு. முதற்கதவு திறந்திருப்பதால் இரண்டாம் கதவும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

முதற்கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. எந்த நிறுவனம் செய்த விசைப்பலகையானாலும், மவுஸானாலும், யு.எஸ்.பி. வழியே பேசுவதற்கு ஒரு பொது மொழி உண்டு. அம்மொழியில் சாதாரண விசைப்பலகை, “இன்னின்ன விசைகள் இப்போது அழுத்தப்பட்டுள்ளன” என்று சொல்லும். மவுஸ், “முன்பு சொன்னதிலிருந்து இவ்வளவு வலப்புறமும் இவ்வளவு மேலும் நகர்ந்தேன்” என்று சொல்லும். இம்மொழி கன்சோலுக்கும் தெரியும். ஆதலால் தனியாக எந்த மென்பொருளும் நிறுவாமலே அது இவற்றைக் கண்டுகொள்கிறது.

பிளேஸ்டேஷன் 5-இல் `Settings`, பிறகு `Accessories` என்று சென்றால் விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் தனித்தனி அமைப்புகள் இருப்பதைக் காணலாம். பிளேஸ்டேஷன் 4-இல் இவை `Settings`, பிறகு `Devices` என்ற இடத்தில் உள்ளன. பிளேஸ்டேஷன் கருவிகளில் கம்பியில்லாப் புளூடூத் விசைப்பலகையையும் இணைக்கலாம். எக்ஸ்பாக்ஸில் புளூடூத் கிடையாது, கம்பியுள்ளதையோ, யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு வாங்கியுடன் வரும் கம்பியில்லா வகையையோதான் பயன்படுத்த வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியிலும் யு.எஸ்.பி. விசைப்பலகையைச் செருகலாம்; ஆனால் அது பெரும்பாலும் பெயர், கடவுச்சொல் முதலியவற்றைத் தட்டச்சு செய்வதற்கே உதவும்.

முதற்கதவு திறந்ததா என்று அறிவது எளிது. கன்சோலில் எழுத்துகளை உள்ளிடும் ஒரு பெட்டியைத் திறந்து, விசைப்பலகையில் தட்டிப் பார்க்க வேண்டும். எழுத்துகள் திரையில் தோன்றினால் கருவி அதைக் கண்டுகொண்டது என்று பொருள். தோன்றாவிட்டால், வேறு யு.எஸ்.பி. துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பல வண்ண விளக்குகள் எரியும் விசைப்பலகைகள் சில வேளைகளில் துளை தரக்கூடிய மின்சாரத்தைவிட அதிகம் கேட்கும். விளக்குகள் எரிந்து அணைந்து மீண்டும் எரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். விளக்குகளின் ஒளியைக் குறைத்தாலோ, விளக்கில்லாத சாதாரண விசைப்பலகையை இணைத்தாலோ சரியாகிவிடும். மேலும், கணிப்பொறியில் தனி மென்பொருள் நிறுவினால்தான் வேலை செய்யும் சிறப்பு விசைகள் கன்சோலில் பயன்படமாட்டா. ஏனெனில் அம்மென்பொருளைக் கன்சோலில் நிறுவ வழியில்லை.

இரண்டாம் கதவு

எழுத்துகள் திரையில் தோன்றிவிட்டன. மகிழ்ச்சியுடன் ஒரு விளையாட்டைத் தொடங்குகிறோம். மவுஸை நகர்த்துகிறோம், திரையில் ஒன்றும் அசையவில்லை! விசைப்பலகை பழுதாகிவிட்டதா? இல்லை. இரண்டாம் கதவு மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கன்சோல் தான் பெற்ற செய்தியை விளையாட்டின் முன் வைக்கும். அதை எடுத்துப் படிக்கும்படி விளையாட்டை எழுதியவர் கட்டளைகளை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையானால், அந்தச் செய்தி படிப்பாரற்ற கடிதம் போலக் கிடக்கும். எக்ஸ்பாக்ஸ் கருவியில் மவுஸும் விசைப்பலகையும் கொண்டு விளையாடும் வசதி 2018 நவம்பரில் வந்தபோது, ஒவ்வொரு விளையாட்டும் தானே விரும்பி அதை ஏற்க வேண்டும் என்றே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விதித்தது. அன்று முதலில் ஏற்றுக்கொண்டவற்றுள் வார்ஃபிரேம், ஃபோர்ட்நைட் ஆகிய இரண்டும் அடங்கும்.

இது முற்றிலும் புதிய வழக்கமும் அன்று. 2000-ஆம் ஆண்டில் ட்ரீம்காஸ்ட் கருவிக்கு வந்த குவேக் 3 விளையாட்டும், 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டும் விசைப்பலகையையும் மவுஸையும் ஏற்றுக்கொண்டன. அப்போதும் அது விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபட்டே இருந்தது.

எவ்வகை விளையாட்டுகள் ஏற்கின்றன என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்பது பல்லாயிரம் பேர் ஒரே கற்பனை உலகில் கூடி விளையாடுவது. அதில் ஒருவரோடொருவர் எழுத்தில் உரையாடுவது இன்றியமையாதது. 2014-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த நாள்முதல் அது விசைப்பலகையையும் மவுஸையும் ஏற்கிறது. அங்கு குறிபார்க்கும் வேகத்தில் வெற்றி தங்கியிருக்கவில்லை. ஆகையால் ஒருவர் மவுஸ் வைத்திருப்பதால் மற்றவருக்கு இழப்பு பெரிதாக ஒன்றும் இல்லை.

ஃபோர்ட்நைட் அப்படியன்று. அதில் குறிபார்ப்பதே முக்கியம். அதில் மவுஸ் உடையவருக்கும் குச்சி உடையவருக்கும் ஆற்றல் சமமன்று. ஆகவே அவ்விளையாட்டு இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. கன்ட்ரோலரில் ஆடுவோருக்குக் குறி சற்றே இலக்கை நோக்கி ஒட்டிக்கொள்ளுமாறு ஓர் உதவி தரப்படுகிறது. மவுஸில் ஆடுவோருக்கு அவ்வுதவி இல்லை. அத்துடன் 2019 முதல், கன்சோலில் மவுஸைப் பயன்படுத்துவோர் மற்ற மவுஸ்காரர்களுடன் சேர்க்கப்பட்டனர். கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் அது வேறொரு மைதானத்துக்குள் திறக்கிறது என்று சொல்லலாம்.

2019-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் என்ற விளையாட்டும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டிலும் மவுஸை ஏற்றது. ஆனால் அதில் மவுஸைச் செருகினால் மட்டும் போதாது. அமைப்புகளில் `Input Device` என்ற வரியைத் தேடி, விசைப்பலகையும் மவுஸும் என்று மாற்றவும் வேண்டும். ஆகவே ஒரு விளையாட்டு ஏற்கவில்லை என்று முடிவு செய்யுமுன் அதன் அமைப்புகள் பக்கத்தை ஒருமுறை முழுதும் பார்த்துவிடுவது நல்லது. அங்கே விசைகளை மாற்றியமைக்கும் பட்டியல் இருந்தால் அது ஏற்கும் விளையாட்டு. இன்னொரு அடையாளமும் உண்டு. விசையைத் தட்டியதும் திரையில் உள்ள குறிப்புகள் கன்ட்ரோலர் பொத்தான்களின் படத்திலிருந்து `E`, `F`, `Space` போன்ற விசைப் பெயர்களாக மாறினால், விளையாட்டு நம் விசைப்பலகையைப் படிக்கிறது என்று உறுதி கொள்ளலாம்.

அடாப்டர் செய்யும் மாற்றம்

இரண்டாம் கதவு மூடியிருக்கும் இடத்தில்தான் அடாப்டர் வருகிறது. இது விசைப்பலகைக்கும் கன்சோலுக்கும் நடுவில் வைக்கப்படும் ஒரு சிறு பெட்டி. ஒருபுறம் விசைப்பலகையும் மவுஸும் இணைகின்றன. மறுபுறம் கன்சோலுடன் இணைகிறது. கன்சோலிடம் அது, “நான் ஒரு கன்ட்ரோலர்” என்று சொல்லிக்கொள்கிறது. கன்சோல் தன் நிறுவனத்தார் செய்த கருவிதானா என்று அடையாளம் கேட்குமாதலால், பல அடாப்டர்களில் உண்மையான கன்ட்ரோலர் ஒன்றையும் உடன் இணைத்து வைக்க வேண்டியிருக்கிறது. கன்சோல் கேட்கும் அடையாளத்தை அந்த உண்மைக் கன்ட்ரோலர் காட்டும். ஆட்டத்தை மவுஸ் ஆடும்.

ஆனால் மவுஸ் சொல்லும் செய்தியும் குச்சி சொல்லும் செய்தியும் ஒரே வகையானவை அல்ல. மவுஸ் சொல்வது தூரம். குச்சி சொல்வது வேகம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் அடாப்டரின் குறை முழுவதும் விளங்கிவிடும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மவுஸை ஏற்கும் ஒரு விளையாட்டில், மேசைமேல் மவுஸை 4 அங்குலம் நகர்த்தினால் நம் பாத்திரம் பின்புறமாக, அதாவது 180 பாகை, திரும்பும்படி அமைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு 45 பாகை. அந்த 4 அங்குலத்தை 4 வினாடியில் நகர்த்தினாலும், கால் வினாடியில் நகர்த்தினாலும் திரும்புவது அதே 180 பாகைதான்.

குச்சியில் அப்படி இல்லை. குச்சியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகத்தில் பாத்திரம் திரும்பிக்கொண்டே இருக்கும். முழுவதும் சாய்த்தால் வினாடிக்கு 180 பாகை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் வேகம் கிடையாது. குச்சியை அதற்கு மேல் சாய்க்க இடமில்லை. இப்போது அடாப்டர் வழியே மவுஸை 4 அங்குலம் நகர்த்துவோம். 4 வினாடியில் மெதுவாக நகர்த்தினால் வினாடிக்கு 45 பாகை வேண்டும். அடாப்டர் குச்சியைக் கால் பங்கு சாய்த்ததாகச் சொல்லும். 4 வினாடியில் 180 பாகை திரும்பிவிடும்; குறையொன்றும் இல்லை. கால் வினாடியில் விரைவாக நகர்த்தினாலோ, வினாடிக்கு 720 பாகை வேகம் வேண்டும். அடாப்டரால் குச்சியை முழுதும் சாய்த்ததாகத்தான் சொல்ல முடியும். கால் வினாடியில் கிடைப்பது 45 பாகை மட்டுமே. மீதி 135 பாகை காணாமற்போகிறது. இந்தக் காரணத்தால்தான் அடாப்டரைப் பயன்படுத்துவோர் விளையாட்டின் அமைப்பில் திரும்பும் வேகத்தை மிக உயர்ந்த அளவில் வைக்கின்றனர். அப்போது குறை சுருங்கும், அடியோடு நீங்காது.

மிக மெதுவான அசைவிலும் ஒரு சிக்கல் உண்டு. விரல் படாமலே குச்சி சற்று ஆடுவது இயல்பு. அந்த ஆட்டத்தை அசைவாக எண்ணிவிடாதிருக்க, நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வட்டத்துக்குள் நிகழும் அசைவை விளையாட்டு பொருட்படுத்துவதில்லை. நடுவிலிருந்து ஓரம் வரை ஏறத்தாழ 127 படிகள் என்று கொண்டால், அவற்றுள் முதல் 15 படிகள் இவ்வாறு ஒதுக்கப்பட்டிருக்கலாம். நாம் மவுஸை மெல்ல நகர்த்தும்போது 5 படி அளவே தேவை என்றால், விளையாட்டு அதைக் கேட்கவே கேட்காது. ஆகையால் அடாப்டர் அந்த 15-ஐயும் சேர்த்து 20 என்று சொல்ல வேண்டும். இந்த ஒதுக்கீடு விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும். அதனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அடாப்டரில் தனி அமைப்பு தேவைப்படுகிறது. ஒரு விளையாட்டுக்குச் செய்த அமைப்பை மற்றொன்றில் பயன்படுத்தினால், குறி முதலில் அசையாமல் நின்று பிறகு திடீரெனத் துள்ளும்.

விசைப்பலகையின் பங்கையும் ஒரு சொல்லில் கூறிவிடலாம். குச்சியைச் சிறிது சாய்த்தால் பாத்திரம் நடக்கும். முழுதும் சாய்த்தால் ஓடும். விசையில் அரைகுறை என்பது இல்லை. அழுத்தினால் முழுமை, விட்டால் ஒன்றுமில்லை. ஆகவே கார் ஓட்டும் பந்தயம் போன்ற விளையாட்டுகளில், மென்மையாகத் திருப்ப வேண்டிய இடத்தில், விசைப்பலகையைவிடக் குச்சியே சிறந்தது.

அடிக்கோலால் ஒரு சோதனை

ஒரு விளையாட்டு மவுஸை மவுஸாகவே படிக்கிறதா, குச்சியாக எண்ணுகிறதா என்பதை வீட்டிலேயே கண்டறியலாம். மேசைமேல் ஓர் அடிக்கோலை வைக்க வேண்டும். எதிரிகள் இல்லாத பயிற்சிப் பகுதியில், திரையில் ஒரு மரத்தையோ தூணையோ நேராகப் பார்த்தபடி நிற்க வேண்டும். மவுஸை அடிக்கோலின் ஓரமாக 4 அங்குலம் மெதுவாக நகர்த்தி, பார்வை எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பார்வையை முதலில் கண்ட மரத்துக்கே கொண்டுவந்து, மவுஸைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து, அதே 4 அங்குலத்தை வெடுக்கென்று நகர்த்த வேண்டும்.

இரு முறையும் பார்வை ஒரே இடத்தில் நின்றால், விளையாட்டு மவுஸை உண்மையாகப் படிக்கிறது. இரண்டாம் முறை பாதியிலேயே நின்றுவிட்டால், அது குச்சியின் வேக எல்லைக்குள் அகப்பட்டிருக்கிறது. இரண்டாம் முறை அதிக தூரம் திரும்பிவிட்டால், வேகமாக நகர்த்தும்போது கூடுதலாகத் திருப்பும் முடுக்க அமைப்பு எங்கோ இயங்குகிறது. விளையாட்டின் அமைப்புகளில் அதைத் தேடி நிறுத்திவிடலாம்.

நேர்மை என்னும் கேள்வி

“குறைகள் இருந்தாலும் அடாப்டர் வேலை செய்கிறதே, வாங்கினால் என்ன?” என்று கேட்கலாம். இங்கேதான் சிந்திக்க வேண்டியுள்ளது. அடாப்டர் தன்னைக் கன்ட்ரோலர் என்று சொல்லிக்கொள்வதால், கன்ட்ரோலரில் ஆடுவோருக்கென்று ஏற்பட்ட குறிபார்க்கும் உதவி மவுஸ்காரருக்கும் கிடைத்துவிடுகிறது. மவுஸின் ஆற்றலும் குச்சிக்கான சலுகையும் ஒருவரிடமே சேர்கின்றன. எதிரே குச்சியோடு ஆடும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ இது தெரியவே தெரியாது. தன் திறமைதான் போதவில்லை என்று எண்ணிக்கொள்வாள்.

2017-இல் ஓவர்வாட்ச் என்ற விளையாட்டை உருவாக்கியவர்களின் தலைவர் ஜெஃப் காப்லன் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். மவுஸையும் அடாப்டர்களையும் கன்சோல் நிறுவனங்கள் முற்றிலும் தடுக்க வேண்டும், இல்லையேல் எல்லோரும் எளிதாகப் பயன்படுத்தும்படி வெளிப்படையாகத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. 2023-இல் யுபிசாஃப்ட் நிறுவனம் தனது ரெயின்போ சிக்ஸ் சீஜ் விளையாட்டின் கன்சோல் பதிப்பில் ‘மவுஸ்ட்ராப்’, அதாவது எலிப்பொறி, என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அடாப்டரைப் பயன்படுத்துபவரை அது கண்டறிந்தால் வெளியேற்றுவதில்லை. அவருடைய அசைவுகள் திரையில் தோன்றுவதைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்தும். அடாப்டரால் கிடைத்த நன்மை அதனால் கரைந்துவிடும். அதே 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் தன் அங்கீகாரம் பெறாத துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸில் தடுக்கத் தொடங்கியது. ஆக, இன்று விலைகொடுத்து வாங்கும் அடாப்டர் நாளை ஒரு புதுப்பித்தலுக்குப் பின் பயனற்றுப் போகலாம். பெற்றோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

தனியாகக் கதை விளையாட்டு ஆடுபவர் அடாப்டரைப் பயன்படுத்தினால் பிறருக்குத் தீங்கில்லை. கை நலமின்மையால் குச்சியைப் பிடிக்க இயலாதவருக்கு அது பெரிய துணையாகவும் இருக்கலாம். அத்தகையோருக்கென்றே எக்ஸ்பாக்ஸ் நிறுவனத்தார் 2018-இலும், பிளேஸ்டேஷன் நிறுவனத்தார் 2023-இலும் பெரிய பொத்தான்கள் கொண்ட தனிக் கன்ட்ரோலர்களை வெளியிட்டுள்ளனர். விதியை மீறாமல் விளையாட முதலில் நாட வேண்டியவை அவையே.

வாங்குமுன் செய்ய வேண்டியது

முடிவாக, வரிசையைத் தொகுத்துக் கொள்வோம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண யு.எஸ்.பி. விசைப்பலகையையும் மவுஸையும் முதலில் செருகிப் பார்க்க வேண்டும், இதற்குச் செலவில்லை. எழுத்துப் பெட்டியில் எழுத்து விழுந்தால் முதற்கதவு திறந்தது. பிறகு நாம் விரும்பும் விளையாட்டின் அமைப்புகளைத் திறந்து, விசைகளின் பட்டியல் உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் இரண்டாம் கதவும் திறந்தது. அடிக்கோலை எடுத்துச் சோதித்துவிட்டு ஆடலாம். இல்லையானால், விளையாட்டை உருவாக்கியவர்கள் தம் அறிவிப்பில் என்ன கூறியுள்ளனர் என்று தேட வேண்டும். முன்பு ஏற்காத விளையாட்டு பின்னர் ஏற்பதும் உண்டு. அப்போதும் இல்லை என்றால், பிறருடன் போட்டியிடும் விளையாட்டில் கன்ட்ரோலரைக் கையில் எடுப்பதே முறை. எதிரில் இருப்பவள் எதைக்கொண்டு ஆடுகிறாளோ அதைக்கொண்டே நாமும் ஆடி வென்றால்தான் அது வெற்றி.